நல்லூர்க் கொடியும் டிசம்பர் 31உம்

2023 ஜூன் மாதம், இரண்டாவது கிழமை. காலையில் புட்டைக் குழைத்துக்கொண்டே அம்மாவிடம் புலம்பினேன். யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது, விளம்பரம் செய்யச் சொல்லிக் கடைக்காரர் ஒருவரும் கூப்பிடவில்லை, எல்லோரும் வேறு ஆளிடம் போய்விட்டார்கள் போல என்று. அம்மா சம்பல் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆறு கிழமையோ? ஆர் சொன்னது? இந்த முறை ஆடியிலை ரெண்டு அமாவாசையெல்லோ தம்பி. ஆவணி பிறந்தாப் பிறகுதான் கொடி."

நான் எழுந்துபோய்க் கணினியில் என் வருட அட்டவணையைத் திறந்து பார்த்தேன். ஜூலை 22, கொடியேற்றம் என்று பச்சை நிறம் பூசி வைத்திருந்தேன். அம்மா சுவரில் தொங்கிய கலண்டரைத் தட்டிக் காட்டினார். ஓகஸ்ட் 21. ஒரு மாதப் பிழை. கொக்குவிலில் பிறந்து, தேருக்கு வருடம் தவறாமல் போகிற ஒருவனுக்கு வரக்கூடிய பிழையா இது? வந்தது. அந்த வருடம் நான் பட்ட பாடு முழுவதும் இந்தப் பிழையில்தான் தொடங்கியது. வருடத்தைத் திட்டமிட நான் கற்றுக்கொண்டதும் இதிலிருந்துதான்.

நான் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை, வீட்டு முன் அறைதான். வேலை மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. முதலாவது ஊர் வேலை: புடவைக்கடை, நகைக்கடை விளம்பரங்கள், கோயில் நோட்டீஸ், கல்யாணக் கார்ட், பாடசாலை மலர். இரண்டாவது, தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் திட்ட அறிக்கைகளும், பெரும்பாலும் மூன்று மொழியில். மூன்றாவது வெளிநாட்டு வேலை. எனக்கு அது அவுஸ்திரேலியாவில் உள்ள ஒரு சிறிய ஸ்டூடியோ. இந்த மூன்றுக்கும் மூன்று வேறு கலண்டர்கள் என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. அவை ஒன்றுக்கொன்று நகர்ந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் உறைக்கவில்லை.

அந்த ஜூலை 22 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது இதே குழியில் விழாமல் இருக்கட்டும். 2021 இல் கொடி ஓகஸ்ட் 13. 2022 இல் ஓகஸ்ட் 2. பதினொரு நாள் முந்தியிருக்கிறது. சந்திர மாதக் கணக்கு வருடத்துக்குப் பதினொரு நாள் முந்தும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். ஆகவே 2022 கடைசியில் அடுத்த வருட அட்டவணை போடும்போது, மறுபடியும் பதினொரு நாளைக் கழித்து ஜூலை 22 என்று எழுதிவிட்டேன். பஞ்சாங்கத்தைத் திறக்கவே இல்லை. பதினொரு நாள் முந்துவது உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது பதினெட்டு, பத்தொன்பது நாள் பின்னே பாயும். 2023 இல் ஆடி முதல் நாளே ஒரு அமாவாசை, ஆடி முடிகிற நேரம் இன்னொன்று. திருவிழா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. அரைகுறை அறிவு என்பது இதுதான். ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் அம்மாவிடம் கேட்டிருப்பேன்.

இப்போது நான் கழிப்பதில்லை. பஞ்சாங்கத்தில் திருவிழாவுக்குரிய ஆடி அமாவாசைத் திகதியை ஒரு கட்டத்தில் எழுதுவேன், மற்றது எல்லாம் அதிலிருந்து தானாக வரும். கொடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள். திருவிழா இருபத்தைந்து நாள். தேர் இருபத்து நான்காம் நாள், மறுநாள் தீர்த்தம். அமாவாசை `B2` கட்டத்தில் இருந்தால்:

```
=B2-37   ஊர் வேலை தொடங்கும் நாள்
=B2+5    கொடி
=B2+28   தேர்
=B2+29   தீர்த்தம்
```

முதல் வரியில் உள்ள 37 என் சொந்த அனுபவம், சாஸ்திரம் அல்ல. கொடிக்கு ஆறு கிழமை முன்னர் கடைக்காரர் கூப்பிடத் தொடங்குவார்கள். உங்கள் தொழில் வேறானால் அந்த எண்ணும் வேறு. கடந்த வருடங்களை இதில் போட்டுப் பார்த்தேன். 2024 அமாவாசை ஓகஸ்ட் 4, கொடி 9. 2025 இல் ஜூலை 24, கொடி 29. சரியாக வருகிறது. ஆனாலும் கோயில் அறிவிக்கும்வரை இது பென்சில் கணக்குத்தான். இங்கே வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு புழங்குகின்றன. ஒருநாள் அங்கே இங்கே போக வாய்ப்பிருக்கிறது.

சரி, ஒரு மாதம் பிழைத்தால் என்ன குடி முழுகிவிடும்? 2023 இல் என்ன நடந்தது என்று சொன்னால் புரியும்.

ஜூனில் கடைக்காரர் கூப்பிடாததைப் பார்த்துப் பயந்து, அம்மா சொல்வதற்கு இரண்டு நாள் முன்னர்தான் அவுஸ்திரேலிய ஸ்டூடியோவிடம் ஒரு பெரிய விலைப்பட்டியல் வேலையைக் குறைந்த விலைக்கு எடுத்திருந்தேன். ஓகஸ்ட் நடுவில் கொடுக்கவேண்டும். ஜூலை 10 அளவில் கடைகள் கூப்பிடத் தொடங்கின. கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்று, திருநெல்வேலிச் சந்தியடியில் ஒரு புடவைக்கடை, தண்ணீர்ப்பந்தல் பனர், உபயகாரரின் நோட்டீஸ். இவற்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஊர் வேலையில் ஒருமுறை இல்லை என்றால் அடுத்த வருடம் அந்த வாசல் திறக்காது. ஆக, இரண்டு வேலையும் ஒன்றாக ஓடின. இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்தேன். அதுகூடப் பரவாயில்லை, உடம்பு தாங்கும். உண்மையான அடி செப்டெம்பரில் விழுந்தது.

ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டறிக்கை செய்துகொடுக்க இருந்தேன். அவர்களின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த வருடத்துக்கு ஒதுக்கிய காசை அந்த வருடத்துக்குள் செலவழிக்கவேண்டும். கச்சேரி, பிரதேச செயலகம் போன்ற அரச அலுவலகங்களுக்கும் இதே டிசம்பர் 31தான் எல்லை. "வருடக் கடைசியில் நிறைய வேலை வரும்" என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் டிசம்பருக்குச் சிவப்பு பூசி வைத்திருந்தேன். ஆனால் டிசம்பரில் முடியவேண்டிய வேலையை டிசம்பரில் யாரும் தருவதில்லை. அதைப் பின்னாலிருந்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்த அறிக்கை 64 பக்கம், மூன்று மொழி, மொத்தம் 192 பக்கம். கணக்காளர் டிசம்பர் 10க்குப் பிறகு இன்வொய்ஸ் எடுக்கமாட்டார், ஏனென்றால் அவரும் வருடக் கணக்கை மூடவேண்டும். எனவே அச்சிட்ட புத்தகம் டிசம்பர் 8 அளவில் அவர்கள் மேசையில் இருக்கவேண்டும். அச்சகத்துக்குச் சாதாரணமாக ஒரு கிழமை போதும். ஆனால் நவம்பர், டிசம்பரில் அச்சகம் முழுவதும் புதுவருடக் கலண்டரும் டயரியும்தான். ஆகவே இரண்டரைக் கிழமை வைக்கவேண்டும். அச்சுக்குப் போகும் கோப்பு நவம்பர் 20. அதற்கு முன்னர் கடைசி அனுமதிக்கு ஒரு கிழமை, நவம்பர் 13. மற்ற இரண்டு மொழிகளையும் பக்கத்தில் போடவும் புரூஃப் திருத்தவும் இரண்டு கிழமை, ஒக்டோபர் 30. முதல் மொழியின் வடிவமைப்புக்கு இரண்டு கிழமை, ஒக்டோபர் 16. எழுத்தையும் படங்களையும் அவர்கள் திரட்டி எடுக்க ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டு கிழமையாவது வேண்டும். அப்படியானால் ஒப்பந்தம் ஒக்டோபர் 2. அதற்கு முன்னர் மூன்று பேரிடம் விலைமனு வாங்கி, ஒப்பிட்டு, கையெழுத்து வாங்க மூன்று கிழமை.

செப்டெம்பர் 11. டிசம்பர் 31 என்ற திகதியின் உண்மையான முகவரி இதுதான். என் கொட்டேஷன் அந்த நாளில் அவர்கள் கையில் இருக்கவேண்டும்.

2023 இல் செப்டெம்பர் 11 என்ன நாள் தெரியுமா? தேருக்கு இரண்டு நாள் முந்தியது. நிறுவனத்தின் திட்ட அலுவலர் பின்னேரம் நான்கு மணிக்கே கோயிலுக்குப் போய்விடுவார். கூப்பிட்டால், "அண்ணா, தேர் முடியட்டும், கதைப்பம்" என்பார். அவரைக் குறை சொல்லமுடியாது, நானும் அதே வீதியில்தான் நின்றேன். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் இருபத்தைந்து நாளும் அடைப்பு. அச்சகத்துக்கு ஒரு புரூஃப் கொண்டுபோய் வருவதே அரைநாள் வேலையாகிவிடும். தீர்த்தம் முடிந்து, கடைக்காரரின் கடைசித் திருத்தங்களும் முடிந்து, என் கொட்டேஷன் போனது செப்டெம்பர் 20இல். ஒன்பது நாள் பிந்தல்.

ஒன்பது நாள்தானே என்று நினைத்தேன். ஆனால் பின்னால் உள்ள ஒவ்வொரு படியும் ஒன்பது நாள் தள்ளிப்போனது. கோப்பு அச்சகத்துக்குப் போனபோது நவம்பர் 29. அந்த நேரத்துக்கு அச்சகத்தில் கலண்டர் வேலை உச்சத்தில் இருந்தது, என் புத்தகம் வரிசையில் பின்னால் போனது. புத்தகம் வந்தது டிசம்பர் 19. கணக்குக் கிளை மூடியாயிற்று. அப்போதெல்லாம் நான் வேலை முடிந்த பிறகுதான் முழுத் தொகைக்கும் ஒரே இன்வொய்ஸ் கொடுப்பேன். பக்கத்துக்கு 1,500 ரூபாய்ப்படி 288,000 ரூபாய். அது அடுத்த வருடக் கணக்கில் புதிதாக அனுமதி எடுக்கப்பட்டு என் கைக்கு வந்தபோது மார்ச் மூன்றாம் கிழமை. இடையில் அக்காவிடம் இரண்டு தடவை கடன் வாங்கினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான்தான், "நல்ல பிஸியாம் எண்டு கேள்விப்பட்டன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு கொஞ்சநாள் குத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி, நான் பிஸிதான். 2023 நவம்பரில் ஒரு ஞாயிறுகூட ஓய்ந்திருக்கவில்லை. அந்த மாதம் என் கணக்கில் விழுந்த காசோ 22,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கும் மின்சாரத்துக்கும் இணையத்துக்குமாக எனக்கு மாதம் 90,000 வேண்டும்.

அதுவரை நான் "மந்தமான மாதம்" என்றால் பெப்ரவரி என்றுதான் நினைத்திருந்தேன். நிறுவனங்களில் புது வருடத்துக்கான காசு இன்னும் இறங்கியிருக்காது, தொலைபேசி அடிக்காது. வேலை இல்லாத மாதத்தைப் பார்த்துப் பயப்பட்டுப் பழகிவிட்டோம். ஆனால் வங்கிப் புத்தகத்தை எடுத்து இரண்டு வருடத்து வரவைத் திகதிப்படி எழுதியபோது, பெப்ரவரி அவ்வளவு மோசமில்லை. டிசம்பர் வேலையின் காசு அப்போது கொஞ்சமாவது வந்துகொண்டிருக்கும். என் வறண்ட மாதம் நவம்பர். கடைக்காரர்கள் நல்லூர்க் காசைத் திருவிழா வியாபாரம் கணக்குப் பார்த்து முடித்து, நாலைந்து கிழமை கழித்துத் தருவார்கள். ஒக்டோபரோடு அது தீர்ந்துவிடும். அறிக்கை வேலையின் காசு டிசம்பருக்கு முன் வராது. நடுவில் நவம்பர், தலைக்கு மேலே வேலை, கையில் காசு ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு வருமான வரியின் காலாண்டுத் தவணைகளில் ஒன்று நவம்பர் 15இல் வரும். மற்றவை ஓகஸ்ட், பெப்ரவரி, மே மாதங்களின் 15. இதை நான் 2023 இல் அட்டவணையில் குறிக்கவே இல்லை.

ஆகவே 2024க்கான அட்டவணையை மூன்று வரியாக மாற்றினேன். மேலே 52 கிழமைகள். முதல் வரி, நான் போய்க் கேட்கவேண்டிய கிழமை. இரண்டாவது, உட்கார்ந்து செய்யும் கிழமை. மூன்றாவது, காசு வரும் கிழமை. ஒரே வேலை மூன்று வரியிலும் மூன்று வேறு இடத்தில் நிற்கும். அந்த ஆண்டறிக்கையை எடுத்தால், முதல் வரியில் செப்டெம்பர் இரண்டாம் கிழமை, இரண்டாவதில் ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் 20 வரை, மூன்றாவதில் ஜனவரி. பழைய அட்டவணையில் இதெல்லாம் "டிசம்பர்: அறிக்கை" என்று ஒரே சிவப்புக் கட்டமாக இருந்தது. நடுவரியில் ஒரு கிழமைக்கு நான்கு நாளுக்கு மேல் எழுதுவதில்லை. ஐந்தாவது நாள் இன்வொய்ஸ், தொலைபேசி, கோப்புகளை ஒழுங்காக்குவது என்று எப்படியும் போய்விடும். திருவிழாக் கிழமைகளுக்கு இரண்டே நாள்தான்.

மூன்றாவது வரியில் நவம்பர் வெறுமையாகத் தெரிந்தவுடன் செய்யவேண்டியது என்ன என்பதும் தெரிந்துவிட்டது. 2024 அறிக்கைக்கு நான் கொடுத்த கொட்டேஷனில் காசை மூன்றாகப் பிரித்தேன். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது நாற்பது வீதம், முதல் மொழியின் வடிவமைப்பை ஏற்றுக்கொள்ளும்போது முப்பது, அச்சுக் கோப்பைக் கொடுக்கும்போது முப்பது. கடைசிப் பகுதியைப் புத்தகம் அச்சாகி வருவதோடு கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அச்சகம் பிந்துவது என் கையில் இல்லை, அதற்காக என் காசு நிற்கக்கூடாது. அதே 288,000 தொகைதான். 115,200 ஒக்டோபர் கடைசியில் வந்தது. 86,400 நவம்பர் மூன்றாம் கிழமை வந்தது. மிச்சம் டிசம்பர் நடுவில். ஒரு ரூபாய்கூட அதிகம் சம்பாதிக்கவில்லை, ஆனால் அந்த நவம்பரில் அக்கா வீட்டுக்குச் சும்மா தேத்தண்ணி குடிக்கத்தான் போனேன்.

எல்லா நிறுவனமும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. முற்பணம் கொடுக்க எங்கள் விதியில் இடமில்லை என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். அங்கே "முற்பணம்" என்ற சொல்லை விட்டுவிட்டு, முதல் பொருள் என்று ஒன்றைச் சேர்த்தேன்: அட்டையும் மாதிரிப் பக்கம் எட்டும். அது ஒக்டோபர் முதல் கிழமையிலேயே கொடுக்கக்கூடியது. கொடுத்த பொருளுக்கு இன்வொய்ஸ் என்றால் கணக்காளருக்குப் பிரச்சினை இல்லை. காசு இருபத்தைந்து வீதம்தான், இருந்தாலும் நவம்பருக்கு வந்து சேர்ந்தது.

2024 நவம்பர் கடைசிக் கிழமை மழை வேறு ஒரு பாடம். அந்த வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர், மின்சாரம் விட்டுவிட்டு வந்தது, இணையம் இரண்டு நாள் இல்லை. நல்லகாலம், கோப்பு 20ஆம் திகதியே அச்சகத்துக்குப் போயிருந்தது. வடகீழ்ப் பருவமழை எங்களுக்கு அடித்து ஊற்றுவது இந்தக் கிழமைகளில்தான். இப்போது நவம்பர் 21 முதல் மாத முடிவு வரை யாருக்கும் எந்த ஒப்படைப்புத் திகதியும் கொடுப்பதில்லை. வெளிநாட்டுக்காரருக்கு இதை விளக்கப்போவதும் இல்லை. அந்த நாட்கள் "நிரம்பிவிட்டன" என்று சொல்வேன்.

ஊர் வேலையில் செய்த மாற்றம் வேறு மாதிரி. முன்பு மந்தமான மாதத்தில் விலையைக் குறைத்துப் பார்த்திருக்கிறேன். 2022 பெப்ரவரியில் ஒரு கடைக்குப் பாதி விலையில் விளம்பரம் செய்தேன். ஓகஸ்டில் முதலாளி அதே விலையைத்தான் பேசினார். "போன தடவை இவ்வளவுக்குத்தானே தம்பி செய்தனீர்?" அவரிடம் பெப்ரவரியையும் ஓகஸ்டையும் விளக்க முடியுமா? குறைத்த விலைதான் உங்கள் விலை. ஊரில் அது ஒரு கடையோடு நிற்பதும் இல்லை, பக்கத்துக் கடைக்கும் போய்விடும். அன்றோடு அதை விட்டேன். இப்போது விலை வருடம் முழுவதும் ஒன்று, ஆனால் ஒரு திகதி இருக்கிறது. கொடிக்கு மூன்று கிழமை முன்னர் படமும் வாசகமும் என் கையில் வந்தால் வழக்கமான விலை. பிந்தினால் கால்பங்கு கூட. முதல் வருடம் முணுமுணுத்தார்கள். நகைக்கடை அண்ணை, "திருவிழாவுக்கு நீரும் விலை ஏத்திறீர் என்ன?" என்று கேட்டார். ஏற்றவில்லை அண்ணை, உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றேன். இரண்டாவது வருடம் அவர்தான் முதலில் அனுப்பினார். கால்பங்கு எனக்குப் பெரிய காசு அல்ல. கொடிக்கு முந்திய கிழமை குவிவது பாதியாகக் குறைந்தது, அதுதான் வேண்டும்.

இனி, நல்லூர் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன என்பதற்கு வருகிறேன். 2025 இல் கொடி ஜூலை 29, தீர்த்தம் ஓகஸ்ட் 22. செப்டெம்பர் 11க்கு முன்னர் எனக்கு மூன்று கிழமை இடைவெளி கிடைத்தது. 2023 இல் பட்டபாட்டுக்கு இது சொர்க்கம் என்று நினைத்தேன். ஆனால் ஆறு கிழமையைப் பின்னால் எண்ணினால் ஊர் வேலை ஜூன் 17இல் தொடங்கிவிடுகிறது. அவுஸ்திரேலியாவின் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. அங்குள்ள கம்பனிகள் மிச்சக் காசைச் செலவழிக்க ஜூன் கடைசி இரண்டு கிழமை ஸ்டூடியோவுக்கு வேலையைக் கொட்டுவார்கள். அது எனக்குத்தான் வரும். அதாவது கொடி முந்தினால் மோதல் ஜூனில், பிந்தினால் செப்டெம்பரில். மோதல் இல்லாத வருடம் அநேகமாக இல்லை, எங்கே மோதும் என்பது ஒவ்வொரு வருடமும் மாறுகிறது, அவ்வளவுதான். 2025 இல் இதை முன்னமே பார்த்துவிட்டதால் மார்ச்சில் ஸ்டூடியோவுக்கு எழுதினேன்: ஜூன் 14க்குள் வரும் வேலையை மட்டும் எடுக்கிறேன், அதன்பிறகு ஜூலை 1 வரை கிழமைக்கு ஒரு நாள்தான். அவர்கள் கோபிக்கவில்லை. மூன்று மாதம் முன்னர் சொல்லிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை, இரண்டு நாள் முன்னர் சொன்னால்தான் கதை வேறு.

மந்தமான பெப்ரவரியை என்ன செய்கிறேன் என்று கேட்டால், அது உண்மையில் முதல் வரியின் மாதம். மார்ச் 31 இன்னொரு வருட முடிவு. பிரித்தானிய அரசு, கனடிய அரசு, ஜப்பானிய அரசுக் காசில் நடக்கும் பல திட்டங்களுக்கு அதுதான் எல்லை. இங்கேயும் பல தனியார் கம்பனிகள் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கின்றன. நம் வரி ஆண்டும் அப்படியே. ஆனால் இந்த மார்ச் வேலைகளை நான் ஜனவரியிலேயே கேட்டிருக்கவேண்டும். பெப்ரவரியில் கேட்டால் கிடைப்பது மீந்துபோன சிறு வேலைகள்தான்: இரண்டு மடிப்புப் பிரசுரம், பயிற்சிக் கையேட்டுக்கு அட்டை. கிடைத்தவரை லாபம். ஒரு நிறுவனத்தோடு முதல்முறை பேசும்போது "உங்கள் நிதியாண்டு எந்த மாதம் முடிகிறது, காசு தருபவரின் நிதியாண்டு எந்த மாதம்" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறேன். இவை இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று இல்லை. நிறுவனம் டிசம்பரில் மூடும், காசு கொடுப்பவர் மார்ச்சில் மூடுவார். அப்படியானால் அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை வேலை இருக்கிறது.

பாடசாலை வேலையும் பெப்ரவரி, மார்ச்சில்தான். இல்ல மெய்வல்லுநர் போட்டி, பிறகு சென்ட் ஜோன்ஸ், மத்திய கல்லூரி மோதும் வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் மாட்ச். மலர், ரீசேர்ட், பனர் என்று கலகலப்பாக இருக்கும். ஆனால் அதைக் காசுக்கான வேலையாக அட்டவணையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பழைய மாணவர்களில் ஆர் காசு தருவது என்று முடிவாவதற்குள் அடுத்த மாட்ச் வந்துவிடும். ஆசைக்குச் செய்கிறேன், மூன்றாவது வரியில் பூச்சியம் போட்டுவிட்டு.

ஏப்ரல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சித்திரைப் புதுவருடத்தை ஒட்டிக் கொழும்பில் ஒருவரும் பத்து நாளுக்குப் பதில் போடமாட்டார்கள். அந்த நாட்களில் நானும் கணினியை மூடிவிடுகிறேன். என் உண்மையான விடுமுறை அதுதான், திருவிழா அல்ல.

2026க்கான அட்டவணையை ஜனவரியில் போட்டேன். ஆடி அமாவாசை ஓகஸ்ட் 12. கட்டத்தில் எழுதினேன். ஊர் வேலை ஜூலை 6இல் தொடங்கும், ஜூன் 30இல் இந்தமுறை மோதல் இல்லை. கொடி ஓகஸ்ட் 17 அளவில். கடைசி வரியைப் பார்த்தேன், தீர்த்தம் செப்டெம்பர் 10. அறிக்கைக் கொட்டேஷனின் செப்டெம்பர் 11க்கு ஒருநாள் முன்னர். 2023 மறுபடியும் வருகிறது.

எனவே செப்டெம்பர் 11ஐ அழித்து ஜூலை 2 என்று போட்டிருக்கிறேன். கடைக்காரர் கூப்பிடத் தொடங்குவதற்கு முந்திய கிழமை அது. அன்று திட்ட அலுவலரிடம் போய்ப் பக்க எண்ணிக்கையையும் மொழிகளையும் மட்டும் கேட்டு, கொட்டேஷனைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். செல்லுபடியாகும் காலம் செப்டெம்பர் 30 வரை என்று அதில் எழுதிவிடுவேன். அம்மாவிடம் திகதிகளை வாசித்துக் காட்டினேன். கலண்டரில் விரல் வைத்துச் சரி பார்த்துவிட்டு, "இந்த முறை சரி. கோயில்காரர் சொல்லட்டும், அதுக்குப் பிறகு பேனையாலை எழுது" என்றார்.